பெற்றோர் பிரிந்து வாழ்கிறார்களா? குழந்தையின் பாஸ்போர்ட்டுக்கு இருவர் கையெழுத்தும் கட்டாயமா?

குழந்தைக்கு பாஸ்போர்ட் எடுப்பது பெரும்பாலான குடும்பங்களுக்கு ஒரு மதிய வேலை. ஆன்லைனில் படிவம் நிரப்பி, பணம் கட்டி, சேவை மையத்துக்கு ஒருமுறை போய் வந்தால் போதும். பெற்றோர் பிரிந்து வாழும் வீடுகளில் அதே வேலை மாதக்கணக்கில் இழுக்கும். "அப்பா கையெழுத்து எங்கே?" என்று கவுன்ட்டரில் கேட்கப்படும் ஒரு கேள்வியோடு பலர் திரும்பி விடுகிறார்கள். சிலர் விவாகரத்து முடியட்டும் என்று காத்திருக்கிறார்கள். இன்னும் சிலர் யாரோ சொன்னதைக் கேட்டு, வழக்கு நடப்பதையே மறைத்து விண்ணப்பிக்கிறார்கள். இதில் கடைசி வழிதான் மிகவும் ஆபத்தானது.

இத்தனைக்கும், ஒரு பெற்றோரின் கையெழுத்து கிடைக்காத நிலைக்கு பாஸ்போர்ட் விதிகளிலேயே தனியாக ஒரு வழி இருக்கிறது. அது என்ன, கஸ்டடி ஆணை எப்போது தேவை, எங்கே சிக்கல் வரும் என்று பார்ப்போம்.

மும்பை உயர் நீதிமன்றம் என்ன சொன்னது?

இந்த விஷயத்தைப் புரிந்துகொள்ள 2025 ஜனவரியில் மும்பை உயர் நீதிமன்றம் அளித்த ஒரு தீர்ப்பு நல்ல தொடக்கம். 17 வயது மாணவி ஒருவர் படிப்பு தொடர்பான பயணமாக ஜப்பான் செல்லத் தேர்வாகியிருந்தார். பெற்றோருக்கு இடையே விவாகரத்து வழக்கு நடந்துகொண்டிருந்தது. தாய் விண்ணப்பித்தார்; தந்தை ஆட்சேபம் தெரிவித்தார். அதைக் காரணம் காட்டி புனே பாஸ்போர்ட் அலுவலகம் விண்ணப்பத்தை நிறுத்திவைத்தது.

வழக்கை விசாரித்த நீதிபதிகள் ஜி.எஸ். குல்கர்னி, அத்வைத் சேத்னா அமர்வு, இரண்டு வாரத்துக்குள் பாஸ்போர்ட் வழங்கச் சொன்னது. வெளிநாடு செல்லும் உரிமை அரசியலமைப்பின் 21-வது பிரிவு தரும் தனிமனித சுதந்திரத்தின் ஒரு பகுதி. மேனகா காந்தி வழக்கில் 1978-லேயே உச்ச நீதிமன்றம் உறுதிசெய்த விஷயம் இது. பெற்றோருக்குள் வழக்கு இருக்கிறது, ஒருவர் சம்மதிக்கவில்லை என்பதற்காக மட்டும் ஒரு பிள்ளைக்கு அந்த உரிமையை மறுக்க முடியாது என்பதுதான் தீர்ப்பின் சாரம்.

இதில் பலர் கவனிக்காமல் விட்ட ஒரு விஷயம் இருக்கிறது. அந்தத் தாய் தந்தையின் சம்மதம் இல்லை என்பதை மறைக்கவில்லை. சம்மதம் கிடைக்காதபோது தரவேண்டிய 'அனெக்ஸர் சி' என்ற உறுதிமொழியைக் கொடுத்தே விண்ணப்பித்திருந்தார். சட்டம் கேட்டதை அவர் செய்துவிட்டதால், பந்து அலுவலகத்தின் பக்கம் போனது.

அனெக்ஸர் டி, அனெக்ஸர் சி: என்ன வித்தியாசம்?

18 வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கு விண்ணப்பிக்கும்போது, படிவத்தோடு பெற்றோரின் உறுதிமொழி ஒன்றைத் தர வேண்டும். அது இரண்டு வகை.

முதலாவது அனெக்ஸர் டி. தாயும் தந்தையும் சம்மதித்து இருவரும் கையெழுத்திடுவது. சேர்ந்து வாழும் பெற்றோர் கொடுப்பது இதைத்தான். பிரிந்து வாழ்ந்தாலும் பாஸ்போர்ட் விஷயத்தில் இருவருக்கும் ஒத்துப்போகிறது என்றால் இதுவே போதும். கையெழுத்து போட்டுக் கொடுத்துவிட்டால், ஒருவர் மட்டும் குழந்தையை அழைத்துக்கொண்டு போகலாம். இன்னொருவர் வெளிநாட்டில் இருந்தால், அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் பெற்ற உறுதிமொழியை அனுப்பச் சொல்லலாம். முடிந்தால் இந்த வழியையே முயல்வது நல்லது, ஏனென்றால் கேள்விகள் குறைவு.

இரண்டாவது அனெக்ஸர் சி. ஒரு பெற்றோரின் சம்மதம் கிடைக்காதபோது, விண்ணப்பிக்கும் பெற்றோர் மட்டும் கையெழுத்திட்டுத் தருவது. சம்மதம் ஏன் கிடைக்கவில்லை என்பதற்கான காரணங்கள் அதில் வரிசையாக அச்சிடப்பட்டிருக்கும். பிரிந்து வாழ்கிறோம், ஆனால் வழக்கு எதுவும் இல்லை என்பது ஒன்று. மற்றவர் விட்டுச் சென்றுவிட்டார், எங்கே இருக்கிறார் என்றே தெரியவில்லை என்பது இன்னொன்று. விவாகரத்து அல்லது கஸ்டடி வழக்கு நிலுவையில் உள்ளது, ஆனால் சம்மதமின்றி பாஸ்போர்ட் வழங்கக் கூடாது என்று நீதிமன்றம் தடை போடவில்லை என்பது மற்றொன்று. கஸ்டடி ஆணை ஏற்கெனவே வந்துவிட்டது என்ற நிலைக்கும் இடம் உண்டு. தனக்குப் பொருந்தும் காரணத்தை வைத்துக்கொண்டு மற்றவற்றை அடித்துவிட வேண்டும்.

இந்த வரிசையைப் படித்தாலே ஒரு விஷயம் விளங்கும். வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதும் விண்ணப்பிக்கலாம் என்பதை விதியே எதிர்பார்த்திருக்கிறது. கஸ்டடி ஆணை கையில் இல்லை என்பதால் கதவு மூடிவிடுவதில்லை. ஆணை இருந்தால் வேலை சுலபம். இல்லாவிட்டால் உண்மை நிலையை எழுதிக் கையெழுத்திட வேண்டும், அவ்வளவுதான்.

இந்த உறுதிமொழிகளை வெள்ளைத் தாளில் எழுதிக் கொடுத்தால் போதும். 2016 டிசம்பரில் வெளியுறவு அமைச்சகம் விதிகளைத் தளர்த்தியபோது நோட்டரி கையெழுத்து, முத்திரைத்தாள் எல்லாம் தேவையில்லை என்று ஆக்கியது. படிவத்தில் தாய், தந்தை, சட்டப்பூர்வ பாதுகாவலர் ஆகியோரில் ஒருவரின் பெயர் இருந்தால் போதும் என்ற மாற்றமும் அப்போது வந்ததுதான். ஆனால் இதைத் தவறாகப் புரிந்துகொள்ளக் கூடாது. படிவத்தில் ஒருவர் பெயர் போதும் என்பது வேறு. மற்றவரின் சம்மதம் இல்லாததை விளக்க வேண்டும் என்பது வேறு. முதல் தளர்வு வந்துவிட்டதால் இரண்டாவது கடமை போய்விடவில்லை.

கஸ்டடி ஆணையில் எதைப் பார்க்கிறார்கள்?

"டைவர்ஸ் ஆயிடுச்சே, அப்புறம் என்ன?" என்பது பலரின் கேள்வி. விவாகரத்துத் தீர்ப்பு கணவன், மனைவி உறவைத்தான் முடிக்கிறது. குழந்தை யாரிடம் இருக்கும் என்று அதில் ஒரு வரிகூட இல்லாமல் போகலாம். பரஸ்பர சம்மத விவாகரத்துகளில் இது அடிக்கடி நடக்கிறது. நகை, பணம், வீடு பற்றி பக்கம் பக்கமாக எழுதிவிட்டு, குழந்தையைப் பற்றி "தாயிடம் இருக்கும்" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். பாஸ்போர்ட் அதிகாரிக்குத் தேவை விவாகரத்து நடந்ததற்கான சான்று மட்டும் அல்ல. குழந்தை குறித்து நீதிமன்றம் என்ன சொன்னது என்பதும்தான்.

அதிகாரி ஆணையைக் கையில் வாங்கியதும் பொதுவாக மூன்று விஷயங்களைத் தேடுவார். கஸ்டடி யாருக்கு, அது இடைக்கால ஆணையா இறுதி ஆணையா, பாஸ்போர்ட் அல்லது வெளிநாட்டுப் பயணம் பற்றித் தடையோ நிபந்தனையோ இருக்கிறதா. மற்ற பெற்றோருக்குக் குழந்தையைச் சந்திக்கும் உரிமை தரப்பட்டிருந்தால் கூடுதல் கேள்வி வரலாம். வாரம் ஒருமுறை பார்க்க உரிமை உள்ள தந்தைக்கு, குழந்தை வெளிநாடு போனால் அந்த உரிமை பாதிக்கப்படுமே என்பதுதான் அதன் பின்னால் இருக்கும் யோசனை. ஆனால் சந்திக்கும் உரிமை என்பது பாஸ்போர்ட்டுக்கான தடை ஆணை ஆகிவிடாது.

இங்கே இன்னொரு குழப்பமும் உண்டு. 1956-ம் ஆண்டு இந்து சிறார் மற்றும் பாதுகாவலர் சட்டம், தந்தையையும் 'அவருக்குப் பின்' தாயையும் இயற்கைப் பாதுகாவலர் என்கிறது. இதை வைத்து, "நான்தானே கார்டியன், என்னைக் கேட்காம எப்படி?" என்று சில தந்தையர் வாதிடுவது உண்டு. கீதா ஹரிஹரன் வழக்கில் 1999-ல் உச்ச நீதிமன்றம் இதற்கு விளக்கம் தந்துவிட்டது. 'அவருக்குப் பின்' என்றால் தந்தை இறந்த பிறகு என்று மட்டும் பொருள் அல்ல. குழந்தையின் பொறுப்பில் தந்தை இல்லாத நிலையையும் அது குறிக்கும். திருமணமாகாத தாயின் விஷயத்தில், தந்தைக்கு நோட்டீஸ் அனுப்பாமலேயே அவர் பாதுகாவலர் உரிமை கோரலாம் என்று 2015-ல் அதே நீதிமன்றம் கூறியது.

சென்னை உயர் நீதிமன்றம் 2025-ல் அளித்த ஒரு தீர்ப்பையும் சிலர் இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்கிறார்கள். மனைவி பாஸ்போர்ட் பெறக் கணவரின் அனுமதியோ கையெழுத்தோ தேவையில்லை என்று நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் சொன்ன தீர்ப்பு அது. வயது வந்த ஒரு பெண் தனக்காக விண்ணப்பிப்பது பற்றியது. குழந்தையின் விண்ணப்பத்துக்கு அந்தத் தீர்ப்பின் நகலை நீட்டிப் பயனில்லை.

ஓர் உதாரணம்: வழக்கு நிலுவையில், ஆணை இல்லை

நடைமுறை எப்படி என்று ஒரு கற்பனை உதாரணத்தோடு பார்க்கலாம். தாய் சென்னையில் வேலை பார்க்கிறார். 9 வயது மகள் அவரிடம் வளர்கிறாள். தந்தை பெங்களூருவில். சென்னை குடும்பநல நீதிமன்றத்தில் ஓராண்டுக்கு மேலாக விவாகரத்து வழக்கு நடக்கிறது. கஸ்டடி பற்றி இதுவரை எந்த ஆணையும் இல்லை. மே மாதம் பள்ளியிலிருந்து சிங்கப்பூர் அழைத்துப் போகிறார்கள். இப்போது ஜனவரி.

முதல் வேலை, வழக்கின் இன்றைய நிலையைப் பார்ப்பது. இ-கோர்ட்ஸ் செயலியில் வழக்கின் சி.என்.ஆர். எண்ணைப் போட்டால் விசாரணைத் தேதிகள், இடைக்கால மனுக்கள், பதிவேற்றப்பட்ட ஆணைகள் தெரியும். தந்தை தரப்பு ஏதாவது மனு போட்டு, 'குழந்தையை நீதிமன்ற எல்லையைவிட்டு அழைத்துச் செல்லக் கூடாது' என்று ஆணை வாங்கியிருக்கிறதா என்பதை உறுதிசெய்ய வேண்டும். வக்கீலிடம் வாய்மொழியாகக் கேட்டு விட்டுவிடக் கூடாது. அனெக்ஸர் சி-யில் 'தடை எதுவும் இல்லை' என்று கையெழுத்திடப்போவது தாய்தான், வக்கீல் அல்ல.

இரண்டாவது, தந்தையிடம் எழுத்து மூலமாகச் சம்மதம் கேட்பது. மின்னஞ்சலோ பதிவுத் தபாலோ போதும். எதற்காகப் பயணம், எத்தனை நாள், யார் உடன் போகிறார்கள் என்று நான்கு வரி எழுதி, பத்து நாளில் பதில் கேட்கலாம். சம்மதித்தால் அனெக்ஸர் டி-யோடு வேலை முடிந்தது. மறுத்தாலும், பதிலே வராவிட்டாலும், கேட்டதற்கான ஆதாரம் கையில் இருக்கும். பின்னால் அலுவலகமோ நீதிமன்றமோ கேட்டால் அதற்கு மதிப்பு உண்டு.

மூன்றாவது, passportindia.gov.in தளத்தில் விண்ணப்பம். இந்த வயதுக் குழந்தைக்கு சாதாரண முறையில் கட்டணம் 1,000 ரூபாய். தந்தையின் பெயரை மறைக்க வேண்டிய அவசியம் இந்தக் குடும்பத்துக்கு இல்லை. பிறப்புச் சான்றிதழில் பெயர் இருக்கிறது. அதை விட்டுவிட்டு விண்ணப்பித்தால், எதையோ மறைக்கிறார்கள் என்ற சந்தேகம்தான் வரும். அனெக்ஸர் சி-யில் 'வழக்கு நிலுவையில் உள்ளது, தடை ஆணை இல்லை' என்ற காரணத்தை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை அடிக்க வேண்டும். 'பிரிந்து வாழ்கிறோம், வழக்கு இல்லை' என்ற வரியை அடிக்காமல் விட்டால், ஒரே தாளில் ஒன்றுக்கொன்று முரணான இரண்டு உறுதிமொழி ஆகிவிடும்.

நான்காவது, அப்பாயின்ட்மென்ட் நாளில் எடுத்துச் செல்ல வேண்டியவை:

- குழந்தையின் பிறப்புச் சான்றிதழ் (2023 அக்டோபர் 1 அல்லது அதற்குப் பின் பிறந்த குழந்தைகளுக்குப் பிறந்த தேதிக்கான ஆதாரம் இது ஒன்றுதான்)
- தாயின் பாஸ்போர்ட், அசலும் நகலும்
- தற்போதைய முகவரிக்கான ஆதாரம்
- கையெழுத்திட்ட அனெக்ஸர் சி
- விவாகரத்து மனுவின் நகல், இ-கோர்ட்ஸில் எடுத்த வழக்கு நிலை
- தந்தையிடம் சம்மதம் கேட்ட கடிதம் அல்லது மின்னஞ்சலின் நகல்

கடைசி இரண்டும் கட்டாய ஆவணப் பட்டியலில் இருக்காது. ஆனால் அதிகாரிக்கு எழும் கேள்விக்கு அங்கேயே பதில் சொல்ல உதவும். ஏற்கெனவே கஸ்டடி ஆணை இருக்கும் குடும்பம் என்றால், அந்த ஆணையின் சான்றிட்ட நகல் வேண்டும். இ-கோர்ட்ஸில் இருந்து டவுன்லோடு செய்தது தகவலுக்குத்தான் உதவும். நீதிமன்ற முத்திரையோடு தரப்படும் நகலுக்கு அது ஈடாகாது. சான்றிட்ட நகல் கிடைக்க நாளாகும் என்பதால், அப்பாயின்ட்மென்ட் போடுவதற்கு முன்பே அதற்கு மனு கொடுத்துவிட வேண்டும்.

சேவை மையத்தில் ஏ, பி, சி என மூன்று கவுன்ட்டர்கள். ஏ கவுன்ட்டரில் ஆவணங்களை ஸ்கேன் செய்பவர் ஒப்பந்த நிறுவன ஊழியர். விதியை விளக்கி முடிவெடுக்கும் அதிகாரம் அவருக்கு இல்லை. "ரெண்டு பேர் கையெழுத்தும் வேணும்" என்று அங்கே சொன்னால், அதையே இறுதி பதிலாக எடுத்துக்கொண்டு திரும்பிவிடக் கூடாது. அனெக்ஸர் சி கொடுத்திருப்பதைச் சொல்லி, அதிகாரியைப் பார்க்க வேண்டும் என்று கேட்கலாம். பி, சி கவுன்ட்டர்களில் இருப்பவர்கள்தான் அரசு அதிகாரிகள்.

இதுபோன்ற கோப்புகளில் கூடுதல் விசாரணை நடக்கலாம், போலீஸ் வெரிஃபிகேஷனும் வரலாம். அதனால்தான் மே மாதப் பயணத்துக்கு ஜனவரியிலேயே தொடங்க வேண்டும். கடைசி நேரத்தில் தட்கல் காப்பாற்றும் என்ற நம்பிக்கை இந்த வகை விண்ணப்பத்துக்குச் சரிவராது.

மற்றவர் ஆட்சேபம் தெரிவித்தால்?

தந்தை மண்டல பாஸ்போர்ட் அலுவலகத்துக்கு ஒரு கடிதம் அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். தமிழ்நாட்டில் சென்னை, மதுரை, திருச்சி, கோவை ஆகிய நான்கு இடங்களில் இந்த அலுவலகங்கள் உள்ளன. கடிதம் வந்ததும் கோப்பு நிறுத்திவைக்கப்பட்டு, தாய்க்கு விளக்கம் கேட்டுக் கடிதம் வரும். பல பேர் இங்கேதான் சோர்ந்துபோகிறார்கள்.

ஆட்சேபக் கடிதமும் நீதிமன்றத் தடையும் ஒன்றல்ல. விளக்கக் கடிதத்துக்குக் குறித்த நாளுக்குள் எழுத்து மூலம் பதில் தர வேண்டும். அனெக்ஸர் சி கொடுக்கப்பட்டுள்ளது, தடை ஆணை எதுவும் இல்லை, வழக்கின் இன்றைய நிலை இது என்று மூன்று விஷயங்களைச் சொன்னால் போதும். கணவரின் குணம், குடும்பச் சண்டையின் வரலாறு எல்லாம் அந்தப் பதிலில் தேவையில்லை. யார் நல்லவர் என்று தீர்ப்பு சொல்லும் வேலை பாஸ்போர்ட் அதிகாரிக்கு இல்லை.

அப்படியும் நகரவில்லை என்றால் இரண்டு பாதைகள் உண்டு. ஒன்று, வழக்கு நடக்கும் அதே குடும்பநல நீதிமன்றத்தில் இடைக்கால மனு போடுவது. இந்து திருமணச் சட்டத்தின் 26-வது பிரிவும், சிறப்புத் திருமணச் சட்டத்தின் 38-வது பிரிவும் வழக்கு நடக்கும்போதே குழந்தை பற்றி ஆணை பிறப்பிக்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் தருகின்றன. பாஸ்போர்ட் பெற அனுமதியும், அதே மனுவில் பயண அனுமதியும் கேட்டுவிடலாம்.

இன்னொன்று, பாஸ்போர்ட் அலுவலகத்தின் முடிவையே எதிர்ப்பது. பாஸ்போர்ட்டை மறுத்தால் காரணத்தை எழுத்தில் பதிவுசெய்ய வேண்டும் என்கிறது 1967-ம் ஆண்டு பாஸ்போர்ட் சட்டம். அந்த ஆணையின் நகலைக் கேட்டு வாங்கி, 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். மறுக்கவும் இல்லை, தரவும் இல்லை என்று கோப்பு கிடப்பில் கிடந்தால், உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போடுவதுதான் வழி. மும்பை மாணவி போனதும் அந்த வழியில்தான்.

ஆட்சேபம் தெரிவிக்கும் பெற்றோருக்கு என்ன வழி?

மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். குழந்தையை வெளிநாட்டுக்கு அழைத்துப் போய் அங்கேயே வைத்துக்கொண்டால் என்ன செய்வது என்ற பயம், தந்தைக்கோ தாய்க்கோ, எல்லா நேரமும் வீம்பில் வருவதல்ல. இப்படிக் கடத்தப்படும் குழந்தைகளைச் சொந்த நாட்டுக்குத் திருப்பி அனுப்ப 1980-ல் உருவான ஹேக் உடன்படிக்கையில் இந்தியா சேரவில்லை. எல்லை தாண்டிப்போன பிறகு சட்டப் போராட்டம் நீண்டதாக இருக்கும்.

அந்தப் பயம் உண்மையானது என்றால் பாஸ்போர்ட் அலுவலகத்துக்குக் கடிதம் எழுதுவதோடு நிறுத்தக் கூடாது. குடும்பநல நீதிமன்றத்தில் மனு போட்டு, தன் அனுமதியின்றி பாஸ்போர்ட் பெறவோ குழந்தையை வெளிநாடு அழைத்துச் செல்லவோ தடை கேட்க வேண்டும். ஆணை கிடைத்தால் அதன் சான்றிட்ட நகலை மண்டல பாஸ்போர்ட் அலுவலகத்தில் கொடுத்து ஒப்புகை வாங்கிக்கொள்ள வேண்டும். அந்த ஆணை வந்த பிறகு அனெக்ஸர் சி-யில் 'தடை இல்லை' என்று எழுதினால் அது பொய்யான உறுதிமொழி.

மறைத்தால் என்ன ஆகும்?

"கேஸ் நடக்கிறதைச் சொல்லாதீங்க, சீக்கிரம் வந்துடும்" என்ற ஆலோசனை ஏஜென்ட்டுகளிடம் கிடைக்கும். மற்றவரின் கையெழுத்தைத் தாங்களே போட்டு அனெக்ஸர் டி கொடுப்பவர்களும் உண்டு. பாஸ்போர்ட் சீக்கிரம் வரலாம்தான். ஆனால் முக்கியமான தகவலை மறைத்துப் பெற்ற பாஸ்போர்ட்டைப் பறிமுதல் செய்யவோ ரத்து செய்யவோ சட்டத்தின் 10-வது பிரிவு அதிகாரம் தருகிறது. தெரிந்தே பொய்த் தகவல் தந்தால் 12-வது பிரிவின் கீழ் 2 ஆண்டு வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். கையெழுத்தைப் போலியாகப் போட்டால் அது தனிக் குற்றம்.

அதைவிடப் பெரிய இழப்பு குடும்பநல நீதிமன்றத்தில் நேரும். கஸ்டடி வழக்கில் நீதிபதி எடைபோடுவது, குழந்தையின் நலனை யாரிடம் நம்பி ஒப்படைக்கலாம் என்பதை. வழக்கையே மறைத்து பாஸ்போர்ட் எடுத்தார் என்ற ஓர் ஆவணம் எதிர்த்தரப்பிடம் சிக்கினால், 'தப்பித்துப்போகத் திட்டமிட்டார்' என்ற வாதத்துக்கு அதுவே ஆதாரமாகிவிடும். நேர்மையாக அனெக்ஸர் சி கொடுத்தவருக்கு அந்தச் சிக்கல் இல்லை.

பாஸ்போர்ட் வந்துவிட்டது... பயணம் போகலாமா?

பாஸ்போர்ட்டும் பயண அனுமதியும் வேறு வேறு. நீதிமன்றமே பாதுகாவலராக நியமித்த ஒருவர், நீதிமன்ற அனுமதியின்றி குழந்தையை அதன் எல்லையைவிட்டு அழைத்துச் செல்லக் கூடாது என்கிறது 1890-ம் ஆண்டு பாதுகாவலர் மற்றும் சிறார் சட்டத்தின் 26-வது பிரிவு. பாஸ்போர்ட் கையில் இருப்பது இந்தக் கடமையை நீக்காது. வழக்கு நிலுவையில் இருக்கும்போது, தடை எதுவும் இல்லாவிட்டாலும், பயண விவரங்களோடு அனுமதி மனு போடுவது பாதுகாப்பான வழி. போகும் தேதி, திரும்பும் தேதி, தங்கும் இடம், தொடர்பு எண், திரும்பி வருவேன் என்ற உறுதி ஆகியவற்றைச் சேர்த்தால் நீதிமன்றத்துக்கு முடிவெடுப்பது சுலபம்.

விசாவும் தனிக் கதை. உதாரணமாக, ஷெங்கன் விசாவுக்கு மைனர் குழந்தை விண்ணப்பித்தால் பெற்றோர் இருவரின் சம்மதம், அல்லது ஒருவருக்கு மட்டுமே பொறுப்பு இருப்பதைக் காட்டும் ஆணை கேட்பார்கள். இந்தியப் பாஸ்போர்ட்டுக்குப் போதுமான அனெக்ஸர் சி அங்கே செல்லாது. அந்த இடத்தில் கஸ்டடி ஆணைதான் பேசும்.

இனி விவாகரத்து ஒப்பந்தம் எழுதுபவர்கள் கவனத்துக்கு

குழந்தையின் பாஸ்போர்ட் 5 ஆண்டு, அல்லது 18 வயது வரை, இதில் எது முந்தியதோ அதுவரைதான் செல்லும். அதாவது 3 வயதில் எடுத்தால் 8 வயதில் ஒருமுறை, 13 வயதில் ஒருமுறை என்று மறுபடியும் விண்ணப்பிக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் பெற்றோரின் உறுதிமொழி கேட்கப்படும். ஒருமுறை எப்படியோ கையெழுத்து வாங்கிவிட்டோம் என்பது அடுத்த முறைக்கு உதவாது.

அதனால் பரஸ்பர சம்மத மனுவிலோ கஸ்டடி மனுவிலோ இரண்டு வரி சேர்க்கச் சொல்லி வக்கீலிடம் கேட்பது பல ஆண்டு அலைச்சலை மிச்சப்படுத்தும். முதல் வரி பாஸ்போர்ட்டுக்கு: "குழந்தைக்குப் பாஸ்போர்ட் பெறவும், பின்னர் மறுவெளியீடு பெறவும், மற்ற பெற்றோரின் சம்மதமோ கையெழுத்தோ இன்றி விண்ணப்பிக்க, கஸ்டடி பெற்றவருக்கு உரிமை உண்டு." இரண்டாவது வரி பயணத்துக்கு: எத்தனை நாள் வரையிலான பயணத்துக்கு முன்தகவல் போதும், எதற்கு மேல் எழுத்துப்பூர்வ சம்மதமோ நீதிமன்ற அனுமதியோ வேண்டும், தவறும் சந்திப்பு நாட்களை எப்படி ஈடுகட்டுவது.

இருவரும் ஒரே மேஜையில் உட்கார்ந்து பேசும் கடைசிச் சந்தர்ப்பம் பெரும்பாலும் அந்த ஒப்பந்தம்தான். நகை, பணத்துக்கு அடுத்து பாஸ்போர்ட்டையும் அங்கேயே பேசி முடித்துவிட்டால், ஐந்தாண்டு கழித்து ஒரு கையெழுத்துக்காகப் பழைய சண்டையைத் தூசி தட்டி எடுக்க வேண்டியிருக்காது. ஏற்கெனவே விண்ணப்பித்துக் காத்திருப்பவர்கள், கோப்பு எண்ணை வைத்து இணையதளத்தில் நிலையைப் பார்க்கலாம். 1800-258-1800 என்ற கட்டணமில்லா எண்ணிலும் கேட்கலாம்.